பிற்பகல் 2.30 உரையை முற்பகலுக்கு மாற்றக் கேட்ட ஒரு மின்னஞ்சல்: நிகழ்வு ஆய்வு

கல்லூரி ஒன்றில் நடந்த இரண்டு நாள் நாட்டார் வழக்காற்றியல் கருத்தரங்கில் தாலாட்டும் ஒப்பாரியும் பற்றிப் பேச என்னை அழைத்திருந்தார்கள். முதல் நிரல் வந்தபோது எனக்கு இரண்டாம் நாள் பிற்பகல் 2.30 முதல் 3.15 வரை ஒதுக்கப்பட்டிருந்தது. சாதாரணமாக நான் அதை மாற்றக் கேட்டிருக்க மாட்டேன். மதிய உணவுக்குப் பின் அரங்கு பாதி தூங்கும் என்பது எல்லாப் பேச்சாளரும் சொல்லும் குறை. யாராவது ஒருவர் அந்த நேரத்தில் பேசித்தான் ஆகவேண்டும் என்பதால் அதை ஒரு காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நான் கேட்டதற்குக் காரணம், என் உரைக்குத் தேவைப்பட்ட கருவிகள் அந்த நேரத்தில் அந்த அரங்கில் சரியாக வேலை செய்யாது என்று எனக்குத் தெரிந்திருந்ததுதான். ஆகவே நேர மாற்றத்தையும் கருவிப் பட்டியலையும் ஒரே மின்னஞ்சலில், ஒன்றுக்கொன்று காரணமாக வைத்து எழுதினேன். அந்த மின்னஞ்சல் எப்படி உருவானது, எதைப் பெற்றுத் தந்தது, எதைத் தவறவிட்டது என்பதே இந்த ஆய்வு.

உரையின் பொருள் இப்படி இருந்தது. 1980களின் இறுதியில் கேசட்டில் பதிவான ஐந்து பாட்டுகளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டு, பாடுபவர் ஒரு சொல்லின் கடைசி உயிரை எங்கே இழுக்கிறார், அந்த இழுப்பில் சுருதி எப்படி இறங்குகிறது என்பதை ஒலி நிறமாலைப் படத்தில் காட்டுவது. ஒலி நிறமாலைப் படம் என்பது குரலின் அதிர்வெண்களைச் சாம்பல் நிறக் கோடுகளாகக் காட்டுவது. கெட்டிக் கறுப்பும் வெள்ளையும் அதில் குறைவு. வெளிர் சாம்பலுக்கும் அடர் சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால்தான் படத்துக்கே பொருள் உண்டு. இந்த உரைக்கு ஒலியும் வேண்டும், திரையில் நுட்பமான சாயலும் வேண்டும். இரண்டில் ஒன்று போனாலும் மீதி நேரத்தை நான் வாயால் பாடித்தான் ஓட்டவேண்டியிருக்கும். அதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியில் இதே உரையின் சுருக்கமான வடிவத்தைப் பேசப்போய் ஒலியை முழுதாக இழந்திருந்தேன். அப்போது நான் எழுதிய மின்னஞ்சலில் கருவிகள் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: "ப்ரொஜெக்டரும் நல்ல ஒலி அமைப்பும் இருந்தால் போதும்." அமைப்பாளர்கள் அதை அப்படியே நிறைவேற்றினார்கள். ஒலி அமைப்பு நல்லதாகவே இருந்தது. காலையில் மைக் செட்காரர் தன் கைபேசியை அதே கேபிளில் செருகி ஒரு திரைப்பாட்டைப் போட்டுச் சோதித்தார், ஸ்பீக்கர் அதிர்ந்தது. பாடகர் குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்ததை நான் கேட்டேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. என் முறை வந்து முதல் தாலாட்டை ஒலிக்கவிட்டபோது மடிக்கணினித் திரையில் ஒலி அலை ஓடியது, மிக்சரில் பொத்தான் பாதிக்கு மேல் ஏறியிருந்தது, ஸ்பீக்கரில் இலேசான இரைச்சல் தவிர எதுவும் இல்லை. ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சல்தான் கூடியது.

காரணம் பின்னால்தான் விளங்கியது. மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் செருகும் 3.5 மி.மீ. பின்னை இங்கே மைக் செட் தொழிலில் இ.பி. பின் என்பார்கள். அதில் இடப்பக்க ஒலி ஒரு கம்பியிலும் வலப்பக்க ஒலி இன்னொரு கம்பியிலும் வரும். அன்று பயன்படுத்திய கேபிளின் மறுமுனையில் மூன்று கால் உள்ள ஒற்றைக் கேனன் பின் இருந்தது. மைக்குக்கு என்று அமைந்த கேனன் இணைப்பில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் நேராகவும் தலைகீழாகவும் வரும். மிக்சர் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து எடுத்துக்கொள்ளும். வழியில் இரண்டு கம்பியிலும் சமமாகத் தொற்றும் இரைச்சல் அந்தக் கழித்தலில் நீங்கிவிடும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த இரண்டு கால்களிலும் மடிக்கணினியின் இடமும் வலமும் போய்ச் சேர்ந்தால், மிக்சர் இடத்திலிருந்து வலத்தைக் கழிக்கும். திரைப்பாட்டில் வயலினும் தபலாவும் இரண்டு பக்கமும் வேறுவேறாகப் பதிவாகியிருப்பதால் கழித்த பிறகும் மிஞ்சும்; இரண்டு பக்கமும் சமமாக நடுவில் வைத்த பாடகர் குரல் மட்டும் தேயும். என்னுடையதோ ஒற்றை மைக்கில் பதிந்த மோனோ கேசட். இடமும் வலமும் ஒன்றேதான். ஒன்றிலிருந்து அதையே கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம். திரைப்பாட்டை வைத்துச் சோதித்ததால் பிழை தெரியவில்லை. பழைய பதிவைப் போட்டதும் தெரிந்தது.

இந்தக் கோளாறு என்று சந்தேகம் வந்தால் கணினியின் ஒலி அமைப்பில் இடம், வலம் இரண்டில் ஒன்றை முழுதாகப் பூஜ்யத்துக்கு இறக்கிப் பார்க்கலாம். கழிப்பதற்கு எதுவும் இல்லாமல் போவதால் பாட்டு உடனே திரும்பிவரும். அன்று இதை நான் அறிந்திருக்கவில்லை.

இப்போது புதிய நிகழ்ச்சிக்கு வருகிறேன். அந்தக் கல்லூரி அரங்கில் நான் முன்பு பார்வையாளனாக உட்கார்ந்திருக்கிறேன். மேடையின் ஒரு பக்கம் மேற்கு பார்த்த உயரமான சன்னல்கள், திரைச்சீலை கிடையாது. அங்கே முதுகலை படிக்கும் மாணவர் ஒருவரிடம், ப்ரொஜெக்டர் போடாத நேரத்தில் திரை இருக்கும் இடத்தில் கைபேசியை வைத்து வெளிச்சத்தை அளந்து சொல்லக் கேட்டேன். காலை பத்து மணிக்குச் சுமார் 60 லக்ஸ், பிற்பகல் இரண்டரைக்குச் சுமார் 400 லக்ஸ் என்று அனுப்பினார். கைபேசிச் செயலி துல்லியமான மானி அல்ல. ஆனால் ஆறு ஏழு மடங்கு வேறுபாட்டைக் காட்ட அது போதும்.

அரங்கின் ப்ரொஜெக்டர் 3,300 லூமன், திரை எட்டடிக்கு ஆறடி. திரையின் பரப்பு ஏறத்தாழ 4.46 சதுர மீட்டர் என்பதால், ப்ரொஜெக்டரின் வெள்ளை வெளிச்சம் திரையில் சுமார் 740 லக்ஸ் விழும். திரையில் "கறுப்பு" என்று நாம் பார்ப்பது உண்மையில் அறை வெளிச்சம்தான். ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. ஆகவே காலையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே 800-க்கு 60, அதாவது ஏறத்தாழ பதின்மூன்று மடங்கு வேறுபாடு இருக்கும். பிற்பகலில் 1,140-க்கு 400, மூன்று மடங்குகூட இல்லை. எழுத்து மட்டும் உள்ள சிலைடு அதிலும் ஒருவாறு படிக்கக் கிடைக்கும். சாம்பல் நிற நிறமாலைப் படம் வெறும் அழுக்குத் துணிபோல் தெரியும். இதுவும் விளக்கு புதிதாக இருக்கும்போதைய கணக்கு. பழகிய விளக்கின் வெளிச்சம் குறிப்பிட்டதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. பிற்பகல் அமர்வில் எனக்கு முன் பேசுபவர் 2.30-க்கு முடிப்பதும் நான் 2.30-க்குத் தொடங்குவதும் நிரலில் ஒட்டிக்கொண்டிருந்தன. கேபிளை மாற்றி, ஒலியைச் சோதிக்க அங்கே இடைவெளியே இல்லை. தேநீர் இடைவேளைக்கு அடுத்தோ நாளின் முதலிலோ பேசினால், அரங்கு காலியாக இருக்கும் கால் மணி நேரம் கிடைக்கும்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் கேட்பது முக்கியம் என்று எனக்குத் தெரியும். அச்சான அழைப்பிதழில் பெயர் இருக்கும் வரிசையை மாற்றுவது இங்கே வெறும் நேர மாற்றமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. யாரோ ஒருவர் மனம் நோகும். நிரல் வந்த மறுநாளே, நிகழ்ச்சிக்குப் பதினாறு நாள் இருக்கையில், ஒருங்கிணைப்பாளரான பேராசிரியருக்குக் கீழ்க்காணும் மின்னஞ்சலை அனுப்பினேன்.

பொருள்: இரண்டாம் நாள் 2.30 மணி உரையை முற்பகலுக்கு மாற்றக் கோருதல் – உரைக்குத் தேவையான கருவிகள்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். கருத்தரங்கின் நிரல் கிடைத்தது. உரையாற்ற ஒப்புதல் தெரிவித்துக்கொள்கிறேன்.

இரண்டாம் நாள் பிற்பகல் 2.30 மணிக்கு ஒதுக்கப்பட்டுள்ள என் உரையை அதே நாள் முற்பகல் 11.30 மணிக்கு, அதாவது தேநீர் இடைவேளைக்கு அடுத்த உரையாக, மாற்றித் தர இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன். உரையில் சாம்பல் நிற ஒலிப் படங்களைத் திரையில் காட்ட வேண்டியுள்ளது. பிற்பகலில் மேற்குச் சன்னல் வெளிச்சம் திரையில் விழுவதால் அவை தெரியமாட்டா. மேலும் பழைய ஒலிப்பதிவுகளைச் சோதித்துப் பார்க்க உரைக்கு முன் 15 நிமிடம் தேவைப்படுகிறது. இடைவேளையில் அதைச் செய்துகொள்ளலாம்.

11.30 இயலாவிட்டால் இரண்டு நாளில் எந்த நாளிலும் காலை முதல் அமர்வு எனக்கு ஏற்புடையதே. அதற்காக நேரம் குறைந்தாலும் உரையைச் சுருக்கிக்கொள்வேன். எதுவும் இயலாவிட்டால் 2.30-க்கே பேசுகிறேன், திரைக்கு அருகிலுள்ள இரண்டு சன்னல்களுக்கு மட்டும் கறுப்புத் துணி கட்டித் தந்தால் போதும். 11.30 மணிக்கு உரையாற்றவிருப்பவரிடம் நான் இது பற்றிப் பேசவில்லை. தங்கள் வழியாகக் கேட்பதே முறை என்று கருதுகிறேன்.

உரைக்குத் தேவையானவை:

1. ப்ரொஜெக்டர், அதிலிருந்து பேச்சு மேசை வரை எட்டும் எச்.டி.எம்.ஐ. கேபிள். மடிக்கணினியும் வி.ஜி.ஏ. இணைப்பானும் நான் கொண்டுவருகிறேன்.

2. மடிக்கணினி ஒலியை மிக்சரில் சேர்க்க, ஸ்டீரியோ இ.பி. பின்னிலிருந்து இரண்டு மோனோ பி-38 பின்னாக, அதாவது கால் அங்குலப் பின்னாக, பிரியும் கேபிள். மிக்சரில் இரண்டு லைன் இணைப்பு. இ.பி.யிலிருந்து ஒற்றைக் கேனன் பின்னுக்குப் போகும் கேபிள் வேண்டாம். அதில் இந்தப் பதிவுகள் கேட்கமாட்டா. 3 மீட்டர் நீளமுள்ள சரியான கேபிள் ஒன்று என்னிடமும் உண்டு. மிக்சர் அந்தத் தொலைவுக்குள் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

3. காலர் மைக் ஒன்று. பாட்டு ஒலிக்கும்போது திரை அருகே நின்று சுட்டிக்காட்ட வேண்டியிருப்பதால் மேசை மைக் போதாது.

4. பேச்சு மேசையருகே மூன்று முனை மின் இணைப்பு ஒன்று, மிக்சருக்கு மின்சாரம் வரும் அதே பலகையிலிருந்து.

இணைய இணைப்பு, தனிக் கணினி, பலகை எதுவும் தேவையில்லை. இரண்டாம் எண் பற்றி மைக் செட்காரரிடம் நேரடியாகப் பேச அவர் எண் கிடைத்தால் உதவியாக இருக்கும். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் நாளுக்குள் நேரம் பற்றித் தெரிவித்தால் போதும்.

அன்புடன்...

இந்த மின்னஞ்சலில் நான் திருத்தித் திருத்தி எழுதிய இடங்கள் இரண்டு. முதல் வரைவில் வேண்டுகோளுக்கு முன் கருத்தரங்கைப் பாராட்டி ஒரு நீண்ட பத்தி இருந்தது. நேர மாற்றம் மூன்றாம் பத்தியின் நடுவே ஒளிந்திருந்தது. நாற்பது பேருக்குப் பதில் எழுதும் ஒருவர் அதைத் தவறவிட நிறைய வாய்ப்புண்டு என்று தோன்றியதும் பத்தியை எடுத்துவிட்டு, கேட்பதைப் பொருள் வரியிலும் இரண்டாம் பத்தியின் முதல் வாக்கியத்திலும் வைத்தேன். இரண்டாவது, 2.30-க்கே பேசினால் என்ன வேண்டும் என்ற வாக்கியம். அது இல்லாதிருந்தால் என் கடிதம், மாற்றாவிட்டால் வரமாட்டேன் என்பதுபோல் படிக்கப்பட்டிருக்கும். இரண்டு சன்னலுக்குத் துணி என்பது செலவில்லாத ஒன்று. மறுக்க வேண்டிய நிலை வந்தால் அவர் சங்கடப்படாமல் மறுக்க அது வழிவிட்டது.

நான்காம் எண்ணில் "அதே பலகையிலிருந்து" என்று எழுதியது பலருக்கு வீண் நுணுக்கமாகத் தோன்றும். மடிக்கணினியின் மூன்று முனைச் சார்ஜர் ஒரு சுவரிலும் மிக்சர் வேறொரு சுவரிலும் செருகப்பட்டிருந்தால், இரண்டின் எர்த்தும் ஒலிக் கேபிள் வழியே ஒரு வளையமாகச் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் மின் ரீங்காரத்தை ஸ்பீக்கரில் கொண்டுவரும். சார்ஜரைப் பிடுங்கியதும் ரீங்காரம் நின்றால் காரணம் இதுதான் என்று கண்டுகொள்ளலாம். ஒப்பாரியின் தணிந்த குரலுக்கு அடியில் அந்த ரீங்காரம் கிடந்தால் கேட்பவர் அதையும் பதிவின் பகுதி என்றே நினைத்துக்கொள்வார்.

மின்னஞ்சல் அனுப்பிய இரண்டாம் நாள், ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். 11.30 இயலாது, அந்த நேரத்துக்குரிய சிறப்பு விருந்தினர் காலை ரயிலில் வந்து பிற்பகலில் திரும்புகிறார். ஆனால் அதே நாள் பத்து மணிக்குப் பேசவேண்டியவர் வெளியூரிலிருந்து பேருந்தில் வருவதால், பிற்பகலுக்கு மாறினால் தனக்கு நிம்மதி என்று சொல்லிவிட்டார். ஒரே நிபந்தனை, முதல்நாள் அறிக்கை வாசிப்புக்குப் பின் தொடங்குவதால் 10.00 முதல் 10.35 வரைதான் கிடைக்கும். 45 நிமிடம் 35 ஆனது. ஐந்து பாட்டில் ஒன்றைக் குறைத்துக்கொண்டேன். பதிலுக்கு 9.15 மணியிலிருந்து காலி அரங்கு கிடைத்தது. தேநீர் இடைவேளையின் கால் மணியைவிட அது பெரிது.

கருவிப் பட்டியலை அவர் தானாகப் படித்துப் புரிந்துகொள்ள முயலவில்லை. இரண்டாம் எண்ணைப் படம் பிடித்து மைக் செட்காரருக்கு அனுப்பிவிட்டார். அதுதான் நான் எதிர்பார்த்ததும். தொழில்காரர் பேச்சிலேயே பின்களின் பெயரை எழுதியதன் பயன் அன்று மாலையே தெரிந்தது. அவர் என்னை அழைத்தார்.

"சார், ஏற்கெனவே இருக்கிற கேனன் ஒயரிலேயே பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டா பாட்டு வந்துரும். அப்படித்தான் நாங்க சமாளிப்போம்."

அவர் சொன்னது உண்மைதான். பின் பாதி வெளியே வந்தால் ஒரு பக்க ஒலி மட்டும் தொடர்பில் நிற்கும். கழிப்பதற்கு மறுபக்கம் இல்லாததால் பாட்டு கேட்கும். மேசை அசைந்தால் பட்டென்று ஓர் உறுமலோடு அதுவும் போகும் என்று சொன்னேன். சிரித்துவிட்டு, "சரி, ஒய் கேபிளே கொண்டாறேன்" என்றார். கொண்டுவரவும் செய்தார்.

உரை நாளன்று காலை சோதனையை நான் திரைப்பாட்டில் செய்யவில்லை. என் மோனோ தாலாட்டையே முதலில் போட்டேன். எச்.டி.எம்.ஐ. செருகியதும் கணினி தானாகவே ஒலியை ப்ரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கருக்கு மாற்றிக்கொண்டது. அதை ஹெட்போனுக்குத் திருப்ப அரை நிமிடம் ஆயிற்று. ப்ரொஜெக்டர் 1024-க்கு 768 புள்ளி அளவுடையது என்று முன்பே கேட்டுவைத்திருந்ததால் சிலைடுகளை அகலமாக அல்லாமல் 4:3 விகிதத்தில் செய்திருந்தேன். திரை முழுதும் நிறைந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். சுருதி இறங்கும் சாம்பல் கோடு அங்கிருந்தும் தெரிந்தது.

பட்டியலில் விட்டுப்போனது ஒன்று உண்டு. 10.12-க்கு மின்சாரம் நின்றது. கல்லூரி ஜெனரேட்டர் அரை நிமிடத்துக்குள் ஓடத் தொடங்கியது, மிக்சர் உயிர்பெற்றது, மடிக்கணினி தன் பேட்டரியில் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ப்ரொஜெக்டரின் விளக்கு சூடாக இருக்கும்போது அணைந்தால், ஆறிய பிறகே மீண்டும் எரியும். ஏறத்தாழ நான்கு நிமிடம் திரை வெறுமையாக இருந்தது. இரண்டாம் பாட்டைப் படமில்லாமலே ஒலிக்கவிட்டு, கோடு எங்கே இறங்குகிறது என்பதைக் கையை இறக்கிக் காட்டினேன். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா தானும் கையை இறக்கினார்.

அதன்பின் அந்த மின்னஞ்சலின் நான்காம் எண்ணில் ஒரு வாக்கியம் சேர்த்து வைத்திருக்கிறேன்: "ப்ரொஜெக்டருக்கும் மிக்சருக்கும், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை தாங்கும் அளவுக்கு ஒரு யு.பி.எஸ்."